கை போனது கவனக்குறைவால் அல்ல

ஒரு கதை தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. சிறுவர் இதழில் வருகிறது, பள்ளி ஆண்டு மலரில் வருகிறது, சில சமயம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நிஜச் செய்தியாகவும் வருகிறது. கிராமத்துப் பையன் ஒருவன். வீட்டில் இரண்டு கறவை மாடு. அம்மா அரிவாள் வைத்துப் புல் நறுக்கியே கை ஓய்ந்து போகிறாள். பையன் பழைய இரும்புக் கடையில் ஒரு மோட்டாரைத் தேடிப் பிடிக்கிறான், சைக்கிள் பாகங்களையும் லாரிப் பட்டையையும் சேர்த்துப் புல் வெட்டும் மிஷின் செய்கிறான், சுவிட்சைப் போடுகிறான், அது ஓடுகிறது. ஊர் கைதட்டுகிறது. கடைசிப் பத்தியில் “இது பாதுகாப்பானதும்கூட” என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியோடுதான் என் வழக்கு. அந்த வரிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கதை எழுதுகிறவரிடமும் கதை படிக்கிறவரிடமும் மிஷின் விற்கிறவரிடமும் மிஷினில் கை கொடுத்தவரிடமும்கூட அது இருக்கிறது.

அந்த நம்பிக்கையை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். புல் வெட்டும் மிஷினில் விபத்து நடப்பது கவனக்குறைவால். ஆயிரம் வீடுகளில் தினமும் ஓடுகிறது, ஒன்றிரண்டு இடத்தில்தான் விரல் போகிறது. மற்ற எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. மூடி, தடுப்பு என்று ஏதேதோ மாட்டினால் புல் அடைத்துக்கொள்ளும், வேலை ஓடாது, விலையும் ஏறும், இரண்டே வாரத்தில் சம்சாரி அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார். பையன் மோட்டாரை ஓட வைத்ததே பெரிய காரியம். மிச்சத்தை ஜாக்கிரதை பார்த்துக்கொள்ளும்.

இதில் அனுபவம் இல்லாமல் இல்லை. தடுப்புகள் கழற்றப்படுவது உண்மை. விலை ஒரு பிரச்சினை என்பதும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. மாடு வளர்க்கிற வீடுகளில் அந்தத் தவறு விரல்களையும் கைகளையும் எடுத்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பேசுவதற்காக அந்தக் கதையை காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள புள்ளலூரில் வைத்துக்கொள்வோம். பையன் கற்பனை, ஒன்பதாம் வகுப்பு. அத்தை வீட்டில் வளர்கிறான். வரப்போரம் கோ-5 கம்பு நேப்பியர் போட்டிருக்கிறார்கள். ஆள் உயரம் வளரும் புல், அடித்தண்டு கரும்பு போல் தடிக்கும். நறுக்காமல் போட்டால் மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்து வீணாக்கும். ஆகவே மிஷின் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பழைய கைச்சக்கர மிஷின் ஒன்று கிடைக்கிறது: பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம், அதன் ஆரங்களில் இரண்டு கத்தி, புல்லைக் கவ்வி உள்ளே இழுக்கும் இரண்டு பல் உருளைகள். இதற்கு மோட்டார் பூட்டப் போகிறான்.

1. கவனம் எத்தனை சென்டிமீட்டர்?

சக்கரம் நிமிடத்துக்கு 240 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கத்தி, ஆகவே நிமிடத்துக்கு 480 வெட்டு. துண்டு 2 செ.மீ. நீளம் வர வேண்டுமென்றால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் உருளைகள் புல்லை 2 செ.மீ. உள்ளே தள்ளியாக வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 16 செ.மீ. உருளையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புல் கட்டைப் பிடித்திருக்கும் அத்தையின் விரல், புல்லோடு சிக்கினால், ஒன்றரை நொடிக்குள் பல் உருளைக்குள் இருக்கும். அந்த ஒன்றரை நொடியில் அவர் சிக்கியதை உணர வேண்டும், பயத்தைத் தாண்ட வேண்டும், சுவரில் இருக்கும் சுவிட்சை மறு கையால் எட்டி அணைக்க வேண்டும். அணைத்தாலும் சக்கரம் உடனே நிற்காது.

கை ஏன் உருளைக்கு அவ்வளவு அருகே போகிறது என்ற கேள்விதான் முக்கியம். ஆசைப்பட்டு யாரும் கொண்டுபோவதில்லை. கத்தி மழுங்கினால் புல் வெட்டுப்படாமல் மசிகிறது, நாராகி உருளையில் சுற்றிக்கொள்கிறது, மிஷின் திணறுகிறது. அப்போது கை தானாக உள்ளே போய் அந்த நாரைப் பிடுங்குகிறது. கட்டின் கடைசி முழம் உருளையில் பிடிபடாமல் வழுக்குகிறது, கை அதைத் தள்ளுகிறது. இரண்டும் அபூர்வமாக நேர்கிற தவறுகள் அல்ல, அந்த மிஷின் தன்னை ஓட்டுகிறவரிடம் தினமும் கேட்கிற வேலை. பால் கறக்கும் நேரம் நெருங்குகிறது, இருட்டிவிட்டது, சேலைத் தலைப்பு தோளில் நிற்கவில்லை, கையில் வளையல். இப்படிப்பட்ட ஒருவரின் தப்பாத கவனத்தை நம்பி ஒரு மிஷின் செய்யப்பட்டிருந்தால், குறை செய்தவரிடம் இருக்கிறது.

இதை அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. மோட்டாரில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்கள் வட இந்தியாவில் கைகளைத் தின்றபோது, 1983-ல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த இயந்திரங்களுக்கான இந்தியத் தர விதி “கவனமாக ஓட்டுக” என்று எழுதியதோடு நிற்கவில்லை. கதிர் தள்ளும் தொட்டி குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் இயந்திரத்தை ஒட்டிய 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும் என்று அளவு சொன்னது. பெரியவர் ஒருவரின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய அந்த 45 செ.மீ.தான். கவனத்துக்கு நாம் கொடுத்த இடத்தை அந்த விதி நீளத்துக்குக் கொடுத்தது.

2. அடிபட்டவர் எப்போதும் புல் தள்ளியவர்தானா?

இல்லை. கவனக்குறைவு வாதம் அடியோடு விழுவது இந்த இடத்தில்தான். டெல்லி ஐ.ஐ.டி.யின் தினேஷ் மோகனும் அவருடைய சகாக்களும் வட இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டும் மிஷின் காயங்களை ஆராய்ந்தார்கள். சாலை விபத்து ஆய்வுக்காக உலகம் அறிந்த மோகன், வாகனத்தைப் பார்த்த அதே கண்ணால் மாட்டுக் கொட்டகையையும் பார்த்தார். காயம்பட்டவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். சும்மா நிற்கும் சக்கரத்தை ஒரு குழந்தை சுற்றி விளையாடும், இன்னொன்றின் விரல் கத்திப் பக்கம் இருக்கும். மோட்டார் அணைந்திருக்கிறது, பெரியவர்கள் யாரும் வேலை செய்யவில்லை, ஆனாலும் விரல் போகிறது. இதில் கவனக்குறைவு யாருடையது? மூன்று வயதுக் குழந்தையுடையதா?

2004-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு புது மிஷின் எதையும் வாங்கச் சொல்லவில்லை. பழைய மிஷினிலேயே பொருத்தக்கூடிய மலிவான மாற்றங்களைச் சொன்னது. ஒன்று, பல் உருளைக்கு முன்னால் தள்ளி ஒரு தனி உருளை. கை அதில் பட்டதும் ஆபத்து நெருங்குகிறது என்று தோலுக்கே தெரிந்துவிடும். இரண்டு, கத்திகளுக்குக் காப்பு. மூன்று, வேலை முடிந்ததும் பெரிய சக்கரத்தைப் பூட்டி வைக்க ஒரு ஆணி. இந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடிக்கும். சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே சட்டத்தில் ஒரு துளை, அதில் ஒரு இரும்பு ஆணி, ஆணி காணாமல் போகாதிருக்க ஒரு சங்கிலி. புள்ளலூர்ப் பையனுக்கு இதைச் செய்ய அரை நாள் போதும். நம் கதைகளில் எந்தப் பையனும் இதைச் செய்து நான் படித்ததில்லை.

3. பழைய மோட்டார் வெறும் மோட்டார் அல்ல

கதையில் மோட்டார் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. கொட்டகையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாராட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சில மோட்டார்கள் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடும், சில சுமார் 2,880. வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் சிறிய மோனோபிளாக் பம்புகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. பழைய இரும்புக் கடையில் எளிதாகக் கிடைப்பதும் அதுதான். பையன் எங்கோ பார்த்த மிஷினின் அளவை வைத்து மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, சக்கரத்தில் 18 அங்குலப் புல்லி மாட்டுகிறான். ஆறுக்கு ஒன்று. 1,440 மோட்டாராக இருந்தால் சக்கரம் 240-ல் ஓடும், சரி. 2,880 மோட்டாராக இருந்தால் 480-ல் ஓடும்.

வேகம் இரண்டு மடங்கானால் ஆபத்தும் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. சுழலும் சக்கரம் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் வேகத்தின் இருபடியாக ஏறும். 40 கிலோ எடையுள்ள சக்கரம், எடையெல்லாம் மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 240 சுற்றில் அதனிடம் இருப்பது சுமார் 2,000 ஜூல். 75 கிலோ நெல் மூட்டையை இரண்டே முக்கால் மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. 480 சுற்றில் அது நான்கு மடங்கு: அதே மூட்டையைப் பதினோரு மீட்டர் தூக்கும். கத்தியைப் பிடித்திருக்கும் போல்டின் மீது விழும் இழுவிசையும் நான்கு மடங்கு. உருளை கையை இழுக்கும் வேகம் நொடிக்கு 32 செ.மீ. அதோடு, அதே குதிரைத்திறனில் வேகம் இரட்டித்ததால் முறுக்கும் பலம் பாதியாகிவிடும். தடித்த தண்டு வந்தால் மிஷின் திணறி அடைக்கும். அடைத்தால் கை உள்ளே போகும். முதல் பகுதியில் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

மோட்டாரின் தகட்டைப் படித்தால் இது தெரிந்துவிடும். தகடு போய்விட்டதென்றால் காயில் கட்டும் கடைக்காரர் உள்ளே சுருள் வைத்திருக்கும் முறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். 2,880 மோட்டார்தான் இருக்கிறது என்றால் நடுவில் இன்னொரு தண்டு போட்டு இரண்டு கட்டமாக வேகத்தைக் குறைக்க வேண்டும். மோட்டார்ப் பக்கப் புல்லியை ஒன்றரை அங்குலமாகச் சுருக்குவது குறுக்குவழி, பெல்ட் வழுக்கும், சீக்கிரம் தேயும்.

அடுத்தது கண்டென்சர். பழைய ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் முதலில் சாகிற உறுப்பு அது. செத்துப் போனால் சுவிட்ச் போட்டதும் மோட்டார் உறுமும், சுற்றாது. கையால் சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினால் சட்டென்று பிடித்துக்கொண்டு ஓடும். எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கம் ஓடும். பல கொட்டகைகளில் இதைக் குறையாகவே யாரும் நினைப்பதில்லை. “ஒரு தட்டு தட்டுனா ஓடிடும்டா” என்று அத்தை சொல்வார், அவ்வளவுதான். கத்தி பூட்டிய சக்கரத்தின் ஆரத்தில் கை வைத்து, மின்சாரம் பாயும் மோட்டாரை உயிர்ப்பிக்கிற வேலை அது. சில நூறு ரூபாய் கண்டென்சரை மாற்றாமல் அந்த மிஷினைப் பாதுகாப்பானது என்று எழுதிய கதை பொய் சொல்கிறது.

4. மின்சாரம் போய் வந்தால்?

புல் அடைத்திருக்கும்போது கரண்ட் போகிறது. மிஷின் நிற்கிறது. யாரும் சுவிட்சை அணைக்கவில்லை, நின்றுதான் போயிற்றே. அத்தை குனிந்து உருளையில் சுற்றிய நாரைப் பிடுங்குகிறார். கரண்ட் வருகிறது.

இதைத் தடுக்கும் பொருள் எந்த மின்சாதனக் கடையிலும் இருக்கிறது. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வைத்த ஸ்டார்ட்டர். உள்ளே இருக்கும் காயிலுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் அது இணைப்பைப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும், கரண்ட் திரும்பினாலும் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மிஷின் அசையாது. வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சுக்கு இந்தக் குணம் கிடையாது.

பழைய பம்பு மோட்டாரை வாங்குகிறவர்களுக்கு இங்கே தனிப் பொறி ஒன்று காத்திருக்கிறது. நம் ஊரில் விவசாய மோட்டார்களுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தும் பழக்கம் உண்டு. நடு இரவில் கரண்ட் வந்தாலும் ஆள் போகாமல் பம்பு தானே ஓட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது அது. மோட்டாரோடு அந்தப் பெட்டியும் சேர்ந்து மலிவாகக் கிடைத்தால் பையன் சந்தோஷமாக இரண்டையும் மாட்டிவிடுவான். கிணற்றுக்கு நல்லது செய்த அதே குணம் கத்திக்கு முன்னால் கொலைக் கருவி.

கொட்டகைத் தரை எப்போதும் ஈரம், மிஷினின் உடல் முழுக்க இரும்பு, மோட்டாரின் சுருள் பழசு. ஒழுங்கான எர்த்தும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

5. தடுப்பு மாட்டினால் வேலை ஓடாதா?

மோசமான தடுப்பு மாட்டினால் ஓடாது. கத்தியைத் தீட்ட ஒவ்வொரு முறையும் எட்டு நட்டைக் கழற்ற வேண்டிய மூடியை யாரும் திரும்ப மாட்ட மாட்டார்கள், மாட்டாதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மூடிக்குக் கீல் போட்டிருக்க வேண்டும். திறந்தால் ஸ்டார்ட்டரின் சுற்று அறுந்துபோகும்படி ஒரு சின்ன சுவிட்சை அந்தக் கீலோடு இணைத்திருக்க வேண்டும்.

தொட்டியின் மூடியைப் பற்றிய புகாருக்குப் பதில் புல்லிலேயே இருக்கிறது. நேப்பியர்த் தண்டும் சோளத்தட்டும் ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளம். தொட்டியின் மூடிய பகுதி 80 செ.மீ. இருந்தாலும் தண்டின் வால் கையில் இருக்கும்போதே அதன் தலையை உருளை கவ்விவிடும். கடைசி முழத்தை அடுத்த கட்டின் தலை தள்ளிக்கொண்டு போகும். மூடியின் வாய் உயரம் ஒரு சாணுக்குள் இருந்தால் புல் போகும், தோள் போகாது. தர விதி கதிரடிக்கும் இயந்திரத்துக்குச் சொன்ன 45 செ.மீ.யை விட இந்த 80 அதிகம், தெரிந்துதான் சொல்கிறேன். நீண்ட தண்டை வெட்டும் மிஷினில் நீளத்தைக் கூட்டுவதால் வேலை கெடுவதில்லை, கை முழுவதும் உள்ளே போனாலும் உருளையை எட்டுவதில்லை. செலவு ஒரு தகரத் தாள், கொஞ்சம் வெல்டிங்.

விலை என்று சொல்கிறவர்கள் கால்நடைத் துறை மானிய விலையில் மின்சாரப் புல் நறுக்கும் கருவி கொடுப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய மோட்டார் மிஷின் அதைவிட மலிவு என்பதற்காகச் செய்யப்படுகிறது. ஆணி, கண்டென்சர், ஸ்டார்ட்டர், தகரம் எல்லாம் சேர்ந்து அந்த மலிவைக் கொஞ்சம் குறைக்கும். குறைக்கட்டும்.

6. பையனின் மனம் உடைந்துவிடாதா?

இந்தக் கடைசி வாதம்தான் மற்றவற்றை விட வலுவானது, ஏனென்றால் அது அன்பிலிருந்து வருகிறது. ஏழைப் பையன் ஒருவன் தன் கையால் ஒன்றைச் செய்திருக்கிறான், அவனிடம் போய்க் குறை சொல்லலாமா என்கிறார்கள். பள்ளி மாணவர்களின் கண்டுபிடிப்புகளுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம் மாதிரி செய்யப் பத்தாயிரம் ரூபாய் தருகிறது. அந்தத் திட்டத்துக்கு மாணவனை அனுப்புகிற ஆசிரியர்கள் பலரும் இந்தத் தயக்கத்தோடு இருக்கிறார்கள்.

நான் கேட்கிறேன்: அவனைப் பொறியாளனாக மதிக்கிறோமா, அதிசயக் குழந்தையாக மதிக்கிறோமா? பொறியாளனாக மதித்தால் அவனிடம் கேள்வி கேட்போம். மிஷின் ஓடுகிறதா என்று யாரும் கேட்பார்கள், அது எளிய கேள்வி. பழைய மோட்டாரை ஓட வைப்பதைக் கடை வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் செய்வார். கையை எட்டவிடாமல் ஓட வைப்பதுதான் இன்னும் யாரும் முழுதாகத் தீர்க்காத வேலை. அதை அவனிடம் கேட்காமல் விடுவது அவனைக் குறைத்து மதிப்பது. அவனே அந்த மிஷினுக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கப் போகிறவன் என்பதையும் மறந்துவிடுவது.

ஆகவே புள்ளலூர்க் கதையின் கடைசிக் காட்சியில் கைதட்டலுக்கு முன்னால் மூன்று சோதனைகளை நான் எழுதுவேன்.

முதல் சோதனை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு. வீட்டிலேயே நீளமான கை மாமாவுடையது. அவர் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்து அதே நீளத்துக்கு ஒரு கம்பு வெட்டுகிறான். மூடியின் வாயிலிருந்து கம்பை உள்ளே விட்டால் நுனி உருளையைத் தொடக் கூடாது. தொட்டால் தகரம் போதவில்லை.

இரண்டாவது சோதனை, மிஷின் புல் இல்லாமல் ஓடும்போது. ஸ்டார்ட்டரைத் தொடாமல் வீட்டின் மெயினை அணைக்கிறான், சக்கரம் முழுதாக நின்ற பிறகு திரும்பப் போடுகிறான். எல்லாரும் இரண்டு எட்டுத் தள்ளி நிற்கிறார்கள். மிஷின் அசையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுச் சக்கரம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவது. இதில் தேர்ச்சி, தோல்வி இல்லை. வரும் எண்ணைச் சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். அணைத்த பிறகு அத்தனை எண்ணும்வரை யாரும் மூடியைத் தொடக் கூடாது, எண்ணி முடித்து ஆணியைச் செருகிய பிறகே தொடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த மிஷினுக்கு எல்லை உண்டு. முழங்கால் உயரப் புல்லையும் அகத்திக் கொத்தையும் நீண்ட மூடித் தொட்டியில் தள்ளக் கட்டை வேண்டும், வேலை மெதுவாகும். அவற்றை மட்டும் அத்தை பழையபடி அரிவாளில் நறுக்கட்டும்.